வீட்டுப் பத்திரம் இல்லாமல் 13.5 லட்சம்: கடன் உத்தரவாதம் யாருக்கு, காகிதங்கள் எதற்கு

கோவையில் சிறு பட்டறைகளுக்குக் கணக்கு எழுதி, வங்கிக் கடனுக்குக் கோப்பு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். சென்ற ஆண்டு ஒரு லேத் பட்டறைக்காரர் வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி இது: "ஏனுங்க சார், அடமானம் இல்லாத கடன்னா, கட்ட முடியலைன்னா கவர்மென்ட்டே கட்டிருமாமே?"

அவருக்கு அப்படிச் சொன்னவர் ஒரு தரகர். அந்தத் தவறான நம்பிக்கையோடு கடன் வாங்கித் தவணையை விட்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். இந்தக் கடனுக்குப் பின்னால் இருக்கும் உத்தரவாதம் உண்மையில் யாரைக் காப்பாற்றுகிறது என்பது தெரிந்துவிட்டால், வங்கி கேட்கும் ஒவ்வொரு காகிதமும் ஏன் கேட்கப்படுகிறது என்பதும் விளங்கிவிடும்.

மத்திய அரசும் சிறு தொழில்களுக்கான வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கின. வங்கிகளில் அதைச் சுருக்கமாக சிஜிடிஎம்எஸ்இ என்பார்கள். இந்த அறக்கட்டளை யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. குறு, சிறு தொழிலுக்கு வங்கி பிணை வாங்காமல் கடன் கொடுத்தால், அந்தக் கடன் வாராமல் போகும்போது வங்கிக்கு ஏற்படும் இழப்பில் ஒரு பங்கைத் தான் ஏற்பதாக வங்கியிடம் உறுதி சொல்கிறது, அவ்வளவுதான். ஒப்பந்தம் வங்கிக்கும் அறக்கட்டளைக்கும் இடையே. கடன் வாங்கியவர் அதில் ஒரு தரப்பே அல்ல. அதனால் நாம் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்க முடியாது. கடனுக்கு அனுமதி கொடுத்த பிறகு வங்கிதான் உத்தரவாதத்துக்குப் பதிவு செய்கிறது. "சிஜிடிஎம்எஸ்இ ஏஜென்ட்" என்று சொல்லிக்கொண்டு முன்பணம் கேட்பவரை அந்த இடத்திலேயே திருப்பி அனுப்பிவிடலாம். அறக்கட்டளைக்கு அப்படி ஏஜென்ட் யாரும் கிடையாது.

முத்ரா கடனை இதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. அதற்கும் அரசு உத்தரவாதம் உண்டு, ஆனால் அது வேறொரு நிதியிலிருந்து வருவது. இங்கே நான் சொல்வது சிஜிடிஎம்எஸ்இ வழியை மட்டும்.

லேத் பட்டறைக்காரரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். பம்ப் பாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிறவர். பத்து லட்சம் விலையில் ஒரு இயந்திரம் வாங்க வேண்டும், கூடவே அன்றாடச் செலவுக்கான நடைமுறை மூலதனமும் வேண்டும். இயந்திரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 1.80 லட்சம் தனி. அவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர், அந்த வரியை உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுத்துக்கொள்வார் என்பதால் வங்கி வரித் தொகையைத் திட்டச் செலவில் சேர்க்கவில்லை. பத்து லட்சத்தில் 25 சதவீதம் அவர் கையிலிருந்து போட வேண்டிய மார்ஜின், மீதி 7.5 லட்சம் கடன். ஆக, இயந்திரம் வந்து இறங்கும் அன்று அவர் கையில் இருக்க வேண்டியது 2.5 லட்சம் மார்ஜின், 1.80 லட்சம் ஜிஎஸ்டி, மொத்தம் 4.30 லட்சம். இந்த வரிப்பணத்தை முன்கூட்டி நினைக்காமல், அனுமதிக் கடிதம் வந்த பிறகு வட்டிக்கு ஓடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

நடைமுறை மூலதனத்துக்கு வங்கிகள் சிறு தொழில்களில் பின்பற்றும் கணக்கு எளிமையானது. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 20 சதவீதம் வரை வரம்பு கொடுக்கலாம். இவருக்கு 30 லட்சம் விற்பனை என்று வைத்து 6 லட்சம். மொத்தக் கடன் 13.5 லட்சம், எல்லாமே உத்தரவாதத்தின் கீழ்.

குறுந்தொழிலுக்கு 5 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை பொதுவான காப்பு 75 சதவீதம். 5 லட்சம் வரை 85 சதவீதம். பெண்கள் நடத்தும் தொழில் போன்ற சிலவற்றுக்கு விகிதம் கூடுதல். இதை வைத்து ஒரு மோசமான நிலையைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இவர் மூன்றாம் ஆண்டில் தவணை கட்ட முடியாமல் நிற்கிறார், பாக்கி 10 லட்சம். 90 நாள் கடந்தால் அது வாராக்கடன். அதன் பிறகு வங்கி கடனைத் திருப்பிக் கேட்டு, தேவைப்பட்டால் சட்ட நடவடிக்கையும் தொடங்கி, அறக்கட்டளையிடம் கோரிக்கை வைக்கும். காப்புத் தொகை 7.5 லட்சம். அதுவும் ஒரே தடவையில் வராது. முதலில் அதில் முக்கால் பங்கு, அதாவது 5,62,500 ரூபாய். மீதி 1,87,500 பிறகுதான். எஞ்சிய 2.5 லட்சம் வங்கியின் சொந்த நஷ்டம்.

இத்தனையும் வங்கிக்கு வந்து சேர்ந்தாலும், பட்டறைக்காரரின் பாக்கி 10 லட்சம் அப்படியே நிற்கும், வட்டியும் ஏறும். வங்கி அவரிடம் தொடர்ந்து வசூலிக்க வேண்டும், வசூலாவதில் அறக்கட்டளைக்கு உரிய பங்கைத் திருப்பிச் செலுத்த வேண்டும். கடனில் வாங்கிய இயந்திரம் வங்கிக்கு ஈடாகத்தான் இருக்கிறது, அதை எடுத்து விற்கலாம். சிபிலில் பெயர் விழும். "பிணை இல்லை" என்றால் வீடு, நிலம், வெளியாள் ஜாமீன் இல்லை என்று பொருள். தொழிலுக்காக வாங்கிய பொருளும் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பும் எப்போதும் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. கோரிக்கை வந்ததும் அறக்கட்டளை கண்ணை மூடிக்கொண்டு பணம் கொடுத்துவிடாது. கடன் கொடுக்கும் முன் ஆளை, இடத்தை, வருமானத்தை வங்கி சரியாகச் சரிபார்த்ததா என்று பார்க்கும். அதில் ஓட்டை இருந்தால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம், அந்தக் கேள்வி கடன் கொடுத்த அதிகாரியின் தலையில் வந்து விழும். மேலாளர் காகிதத்துக்குக் காகிதம் கேட்பதன் உள்காரணம் இதுதான். கடன் கொடுக்க மனமில்லை என்று நாம் கோபப்படுகிறோம். பெரும்பாலும் அவர் பார்ப்பது, நாளைக்கு இந்தக் கோப்பு திறக்கப்பட்டால் நிற்குமா என்பதைத்தான்.

ஆகவே எத்தனை காகிதம் என்பதைவிட, காகிதங்கள் ஒன்றோடு ஒன்று பேசுகின்றனவா என்பதே கேள்வி. இந்தப் பட்டறைக்காரரின் கோப்பு என்னிடம் வரும் முன் ஒரு கிளையில் திரும்பியிருந்தது. மேசையில் விரித்துப் பார்த்தபோது காரணம் பத்து நிமிடத்தில் தெரிந்தது.

அவருடைய வருமான வரி ரிட்டர்னில் விற்பனை 22 லட்சம். ஜிஎஸ்டி ரிட்டர்னிலும் கரண்ட் அக்கவுண்ட் வரவிலும் ஏறக்குறைய அதே தொகை. இவ்வளவும் சரி. ஆனால் தரகர் போட்டுக்கொடுத்த திட்ட அறிக்கையில் அடுத்த ஆண்டு விற்பனை 60 லட்சம். ஒரே ஒரு இயந்திரத்தால் அது எப்படி ஏறக்குறைய மூன்று மடங்காகும் என்பதற்கு அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை. நாங்கள் இயந்திரம் ஒரு ஷிப்டில் எத்தனை உருப்படி கடையும், ஓர் உருப்படிக்குக் கூலி என்ன, யார் வாங்குவார்கள் என்று கீழிருந்து கணக்குப் போட்டோம். 30 லட்சம் வந்தது. வழக்கமாக வேலை கொடுக்கும் இரண்டு பம்ப் கம்பெனிகளிடம் ஆர்டர் கடிதம் வாங்கிக் கோர்த்தோம். விற்பனைத் தொகை பாதியானது, ஆனால் மேலாளர் கேட்ட எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார்.

அடுத்தது, குறு, சிறு தொழிலாகப் பதிந்ததற்கான உத்யம் சான்றிதழ். இது இல்லாமல் கோப்பு நகராது. அவரிடம் இருந்தது, ஆனால் பிரவுசிங் சென்டரில் பதிந்தபோது தொழில் வகையைச் சில்லறை வியாபாரம் என்று தேர்ந்துவிட்டார்கள். விலாசமும் பழைய பட்டறையுடையது. udyamregistration.gov.in தளத்தில் திருத்தினோம். பதிவுக்கும் திருத்தத்துக்கும் அரசுக் கட்டணம் கிடையாது, ஆதாரும் பானும் போதும். இதற்கு அவர் முதலில் 1,500 ரூபாய் கொடுத்திருந்தார்.

வாடகை ஒப்பந்தம் பதினோரு மாதத்துக்குப் போட்டு, காலாவதியாகி ஐந்து மாதம் ஆகியிருந்தது. புதுப்பித்தோம். மின் கட்டண ரசீதைப் பார்த்தால், அனுமதிக்கப்பட்ட மின்பளு புது இயந்திரத்தைத் தாங்காது. கூடுதல் பளுவுக்கு விண்ணப்பித்த ரசீதையும் கோப்பில் வைத்தோம். களஆய்வுக்கு வந்த அதிகாரி முதலில் பார்த்ததே மீட்டர் பெட்டியைத்தான்.

இயந்திரத்துக்கான கொட்டேஷனில் விற்பவரின் ஜிஎஸ்டி எண், மாடல், விலை, வரி தனித்தனியாக இருக்க வேண்டும், தேதி பழையதாக இருக்கக் கூடாது. கடன் தொகையை வங்கி நேராக அந்த விற்பவருக்கே அனுப்பும் என்பதால், பேருக்கு ஒரு கொட்டேஷன் வாங்கி வைப்பது பிறகு சிக்கலாகும். மற்றபடி ஆதார், பான், புகைப்படம், ஓராண்டு வங்கி அறிக்கை, இரண்டு மூன்று ஆண்டு வரி ரிட்டர்ன், உள்ளாட்சி உரிமம், ஏற்கெனவே உள்ள கடன்களின் விவரம் என்று வழக்கமானவை. உணவுத் தொழில் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமமும் சேரும்.

வீட்டுப் பத்திரம் கேட்டால் என்ன செய்வது? குறு, சிறு தொழில் கடனில் ஒரு வரம்பு வரை பிணை வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது, அப்போதைய வரம்பு 10 லட்சம். வரம்புக்கு மேல் உத்தரவாதத்தின் கீழ் கொடுப்பதா என்பது வங்கியின் முடிவு, நாம் வற்புறுத்தி வாங்க முடியாது. ஆனால் உத்தரவாதத்துக்குள் வரும் கடன் பகுதிக்கு வேறு பிணையும் வாங்கக் கூடாது. என்னிடம் வந்த இன்னொருவருக்கு ஒரு கிளையில் உத்தரவாதக் கட்டணமும் பிடித்து, மனைவியை ஜாமீன்தாரராகக் கையெழுத்தும் போடவைத்து, இரண்டு லட்சம் வைப்புத்தொகையையும் ஈடாகப் பிடித்துவைத்திருந்தார்கள். வட்டார அலுவலகத்துக்கு எழுத்தில் கேட்டோம். கையெழுத்தும் வைப்புத்தொகையும் விடுவிக்கப்பட ஏழு வாரம் ஆனது. விண்ணப்பம் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு மேலே முறையிட வழியில்லை.

உத்தரவாதம் இலவசம் அல்ல. 10 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரையான கடனுக்கு 2023 ஏப்ரலில் வகுத்த அடிப்படைக் கட்டணம் ஆண்டுக்கு 0.55 சதவீதம். லேத் பட்டறைக்காரரின் 13.5 லட்சத்துக்கு முதல் ஆண்டு 7,425 ரூபாய், அதன் மேல் ஜிஎஸ்டி. வங்கியின் வாராக்கடன் நிலையைப் பொறுத்துச் சற்றுக் கூடலாம். அடுத்தடுத்த ஆண்டுகளில் நிலுவைத் தொகை மீது கணக்கிடுவார்கள். பெரும்பாலான வங்கிகள் இதை நம் கணக்கிலிருந்தே எடுக்கின்றன. அந்த நாளில் கணக்கில் பணம் இல்லாமல் போகக் கூடாது, கட்டணம் போய்ச் சேராவிட்டால் காப்பே காலாவதியாகலாம்.

கட்டணம் பிடித்த பதிவு வங்கி அறிக்கையில் வந்ததும், கிளையில் உத்தரவாதப் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அனுமதிக் கடிதத்தின் ஓரத்தில் எழுதிவைக்கச் சொல்கிறேன். சிஜிபான் எண் என்பார்கள். இவருக்கு அது கிடைக்க மூன்று நடை ஆனது. மூன்றாம் நடையில் கிளை அதிகாரியே திரையைத் திருப்பிக் காட்டினார்: இயந்திரக் கடனுக்குப் பதிவு ஆகியிருந்தது, ஆறு லட்சம் நடைமுறை மூலதனத்துக்கு ஆகியிருக்கவில்லை. அன்றே பதிந்தார்கள்.