கம்பிக்கு வரும் டெஸ்ட் சர்ட்டிபிகேட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

வீடு கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா, கம்பியோடு வந்த டெஸ்ட் சர்ட்டிபிகேட்டை என்னிடம் நீட்டினார். அடியில் சீல், கையெழுத்து, "ஐஎஸ் 1786-க்கு உட்பட்டது" என்று ஒரு வரி. "எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு கடைக்காரர் சொன்னார் தம்பி" என்றார். அந்த வரி பொய்யில்லை. ஆனால் அவர் காசு கொடுத்தது வேறு கம்பிக்கு.

இந்தியாவில் கட்டுமானக் கம்பிக்கான தர விதி ஐஎஸ் 1786. கேட்கும் வாடிக்கையாளருக்குச் சோதனைத் தாளைத் தர வேண்டும் என்றும், அது எந்த வார்ப்புக்கு அல்லது லாட்டுக்கு உரியது என்று அதிலேயே குறிப்பிட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. கேட்டுப் பாருங்கள்: டீலர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனி டீலரைக் கைகாட்டும், காண்ட்ராக்டர் "ஃபைல்ல இருக்கு சார்" என்பார். அதனால் பணம் கட்டும் முன்பே ஆர்டரில் எழுதி வாங்கிவிடுங்கள்: எந்த கிரேடு, என்ன அளவு, ஹீட் நம்பருடன் சர்ட்டிபிகேட்.

தாள் கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது ஹீட் நம்பரைத்தான். ஒரே உலையில் ஒரே தடவை உருக்கிய இரும்புக்குக் கொடுக்கும் எண் அது. கம்பிக் கட்டில் தொங்கும் டேக்கிலும் அதே எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் கையில் இருப்பது வேறு யாருடைய கம்பிக்கோ போட்ட தாள். பழைய தாளையே நகலெடுத்து எல்லா லோடுக்கும் கொடுப்பதை நிறையவே பார்த்திருக்கிறேன். கட்டைப் பிரித்ததும் டேக் குப்பைக்குப் போய்விடும். லாரியில் இருக்கும்போதே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டேக்கில் உள்ள சிஎம்/எல் உரிம எண்ணை, இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால், அந்த உரிமம் யாருடையது, நடப்பில் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் எண்கள். அந்த அம்மாவின் தாளில் கிரேடு 500டி. 12 மி.மீ. கம்பிக்குக் கொடுத்திருந்தவை: ஈல்டு 512, அல்டிமேட் 556, எலாங்கேஷன் 14.5 சதவீதம். இழுக்கும்போது கம்பி பழைய நிலைக்கு மீளாமல் நீளத் தொடங்கும் பலம் ஈல்டு. அறுவதற்கு முன் தாங்கும் உச்ச பலம் அல்டிமேட். அறுவதற்குள் எவ்வளவு நீளும் என்பது எலாங்கேஷன். முதல் இரண்டுக்கும் அலகு மெகாபாஸ்கல்.

ஈல்டு 500-ஐத் தாண்டியதைப் பார்த்ததும் எல்லோரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஏமாறும் இடம் இதுதான். சாதாரண 500-க்கும் 500டி-க்கும் ஈல்டு வரம்பு ஒன்றே. வித்தியாசம் மற்ற இரண்டில். 500டி என்றால் அல்டிமேட் 565-க்குக் குறையக் கூடாது, அந்தக் கம்பியின் ஈல்டைவிட 10 சதவீதமாவது கூடுதலாகவும் இருக்க வேண்டும். எலாங்கேஷன் குறைந்தது 16. சாதாரண 500-க்கு 545, 8 சதவீதம், 12 போதும். 512-க்கு 10 சதவீதம் கூட்டினால் 563.2, தாளிலோ 556தான். எலாங்கேஷனும் எட்டவில்லை. சாதாரண 500 கம்பிக்குத் தலைப்பில் மட்டும் 'டி' சேர்த்திருக்கிறார்கள். இரண்டு கிரேடும் ஐஎஸ் 1786-க்குள்தான் வருகின்றன என்பதால் அடியில் உள்ள வரியும் உண்மைதான். அந்த 'டி' எதற்கு? நிலநடுக்கம் போன்ற அதிர்ச்சியில் கம்பி பட்டென்று அறாமல் நீண்டு கொடுப்பதற்கு.

எடையைத் தாளை மட்டும் நம்பி விடாதீர்கள். 12 மி.மீ. கம்பியில் சரியாக ஒரு மீட்டர் வெட்டினால் 888 கிராம் வர வேண்டும். லாட்டுக்கு 5 சதவீதம் கூடக் குறைய அனுமதி, அதாவது 844 வரை சரி. வேறுவேறு கம்பியில் இரண்டு மூன்று துண்டு வெட்டிப் பாருங்கள். எல்லாமே அதற்குக் கீழே நின்றால் கம்பி மெலிவு.

   

ஹீட் நம்பர் பொருந்தவில்லையா? இறக்குவதற்கு முன்பே டெலிவரி சலானில் "ஹீட் நம்பர் பொருந்தவில்லை" என்று எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். வெட்டி வளைத்த கம்பியை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். அந்த அம்மாவுக்குத் தூண் கம்பி ஏற்கனவே வெட்டியாகிவிட்டது. "500-ம் 500டி-யும் ஒண்ணுதாம்மா" என்று கடைக்காரர் இரண்டு வாரம் அலையவிட்டார். ஆர்டர் தாளில் 500டி என்று எழுதியிருந்ததால் வெட்டாத கட்டுகளை மட்டும் மாற்றிக் கொடுத்தார். தூண்களை என்ன செய்வதென்று ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரிடம் தனியாகக் காசு கொடுத்துக் கேட்க வேண்டியதாயிற்று.