வங்கி முகவரியை வலமிருந்து படியுங்கள்

"உங்கள் வங்கிக் கணக்கு இன்றிரவு முடக்கப்படும். பான் எண்ணைப் புதுப்பிக்க இந்த லிங்க்கை அழுத்தவும்." இப்படி ஒரு எஸ்எம்எஸ் வந்தால் பலரும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று தேடுவார்கள். இப்போது வரும் போலிகளில் பிழையே இருப்பதில்லை. பார்க்க வேண்டியது லிங்க்கைத்தான்.

```
https://sbi.bank.in.pan-update.example/login
```

உண்மையான மோசடியில் கடைசியில் .com, .xyz என ஏதாவது இருக்கும். யாரும் தவறி அழுத்திவிடக் கூடாதென்று, பதிவு செய்யவே முடியாத .example-ஐ இங்கே போட்டிருக்கிறேன்.

https:// என்பதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். தளம் யாருடையது என்பதை முகவரியின் வலக்கோடிதான் சொல்லும். இங்கே அது pan-update.example. அந்தப் பெயரை வாங்கியவர், அதற்கு முன்னால் sbi.bank.in என்று மட்டுமல்ல, எதை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம் கண் இடமிருந்து படித்துப் பழகியது; மோசடிக்காரருக்கு அது போதும்.

இந்திய வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் .bank.in என முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னதும் இதற்காகத்தான். .bank.in என முடியும் முகவரி வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும். ஆனால் .bank.in சாய்கோட்டுக்குச் சற்று முன்னால், கடைசியாக இருந்தால்தான் அதற்கு மதிப்பு. நடுவில் இருந்தால் வெறும் அலங்காரம். சில உலாவிகளில் முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படத்தையும் நம்ப வேண்டாம். தளத்துக்குப் போகும் தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்றுதான் அதற்கு அர்த்தம். தளம் நேர்மையானதா என்பது வேறு விஷயம். திருடரும் அந்தப் பூட்டை இலவசமாகவே வாங்கிவிடலாம்.

சரி, லிங்க்கை அழுத்திவிட்டால்? வங்கிப் பக்கம் போலவே ஒன்று திறக்கும். அதில் நீங்கள் தட்டும் பெயரையும் கடவுச்சொல்லையும் மோசடிக்காரர் உடனுக்குடன் உண்மையான வங்கித் தளத்தில் போடுவார். பணத்தை அனுப்பும் கட்டளையையும் கொடுப்பார். அப்போது உங்களுக்கு வரும் ஓடிபி உண்மையாகவே வங்கி அனுப்புவது. அதனால்தான் பலருக்குச் சந்தேகமே வருவதில்லை. அந்தச் செய்தியில் எண்ணை மட்டும் பார்க்காமல் முழுவதையும் படியுங்கள். பான் புதுப்பிக்கப் போனவருக்கு "புதிய பயனாளியைச் சேர்க்க" என்றோ, ஒரு தொகையைக் குறிப்பிட்டோ ஓடிபி வந்தால், திரைக்குப் பின்னால் வேறு வேலை நடக்கிறது. அந்த எண்ணைத் தட்டாமல் பக்கத்தை மூடுங்கள்.

ஆனால் லிங்க்குக்குப் பதில் வாட்ஸ்அப்பில் செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு வந்தால் இந்தச் சோதனை உதவாது. நிறுவியதும் அது எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் ஓடிபியை அதுவே எடுத்துக்கொள்ளும். நீங்கள் படிக்க வேண்டிய கட்டமே வராது.

பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-ஐயும், கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணில் வங்கியையும் அழையுங்கள். திருடிய பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு வேகமாகக் கைமாறும். அதற்குள் சொன்னால்தான் இடையில் எங்காவது நிறுத்திவைக்க வழியுண்டு.