எந்த வாரத்தில் வந்தது ருபெல்லா?

1941-ல் சிட்னியில் நார்மன் கிரெக் என்ற கண் மருத்துவரிடம் கண்புரையோடு பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து வந்தார்கள். கண்மணியின் நடுவில் பூ விழுந்திருந்தது, அதுவும் பெரும்பாலும் இரண்டு கண்களிலும். பல குழந்தைகள் எடை குறைவாக இருந்தார்கள், பால் குடிக்கவே திணறினார்கள். இதயக் கோளாறும் பலருக்கு இருந்தது. பரம்பரை நோய் என்றால் திடீரென்று ஒரே வருடத்தில் இத்தனை பேருக்கு வராதே?

அதற்கு முந்தைய வருடம் ஆஸ்திரேலியாவில் ருபெல்லா என்ற வைரஸ் காய்ச்சல் பெரிய அளவில் பரவியிருந்தது. கிரெக் சக மருத்துவர்களிடம் வந்த குழந்தைகளையும் சேர்த்துக் கணக்கெடுத்தார். மொத்தம் 78 குழந்தைகள். அவர்களில் 68 பேரின் தாய்மார்களுக்குக் கர்ப்ப காலத்தில், அதிலும் பெரும்பாலும் தொடக்க மாதங்களில், ருபெல்லா வந்திருந்தது. மூன்று நாள் லேசான காய்ச்சல், உடம்பில் சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறிகட்டுதல். தாய்க்கு அவ்வளவுதான். பலருக்கு அதுகூடத் தெரியாது.

வைரஸ் என்ன செய்கிறது? தடிப்பு தெரிவதற்குச் சில நாள் முன்பே அது தாயின் ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைப் பிடித்து, அங்கிருந்து கருவின் ரத்த ஓட்டத்துக்குள் நுழைகிறது. அது பிடித்த செல்கள் எல்லாம் செத்துவிடுவதில்லை. பல செல்கள் உயிரோடு இருந்தபடியே பிரிவதில் மந்தமாகிவிடுகின்றன. உறுப்பு உருவாகும் வேளையில் செல்கள் மந்தமானால், அந்த உறுப்பு அரைகுறையாக நின்றுபோகும். எந்த உறுப்பு என்பதை முடிவு செய்வது கர்ப்பத்தின் வாரக் கணக்குதான்.

கண்ணின் லென்ஸை எடுத்துக்கொள்வோம். கருத்தரித்த நான்காவது வாரத்தையொட்டி, கருவின் மேல்தோலில் ஒரு சிறு இடம் தடித்து, உள்ளே குழிந்து, குழாய் முனையிலிருந்து நீர்த்துளி விடுபடுவது போல ஒரு குட்டிப் பையாகக் கழன்று கொள்கிறது. அந்தப் பைதான் லென்ஸ். அடுத்த சில வாரங்களில் அதைச் சுற்றி ஓர் உறை மூடிவிடுகிறது. உறை மூடுவதற்கு முன்னால் வைரஸ் வந்தால் உள்ளே புகுந்துவிடும். பிறகு வந்தால் வெளியேதான் நிற்க வேண்டும். ஆனால் உள்ளே மாட்டிய வைரஸுக்கு அது பாதுகாப்பான இடம், ஏனென்றால் நோய் எதிர்ப்புச் செல்களாலும் அந்த உறையைத் தாண்ட முடியாது. அதனால்தான் குழந்தை பிறந்து வருடங்கள் கழித்து அகற்றிய புரையிலும் உயிருள்ள ருபெல்லா வைரஸ் கிடைத்திருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு இக்கண்களில் அழற்சி கடுமையாக வரக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கையாக இருப்பதற்கும் அது ஒரு காரணம்.

காதின் கதை வேறு. உள்காது உருவாக அதிக வாரங்கள் ஆகும், எனவே ஆபத்தும் நீள்கிறது. முதல் 12 வாரங்களுக்குள் தாய்க்கு ருபெல்லா வந்தால் பெரும்பாலான குழந்தைகளுக்குக் கண், இதயம், காது என்று ஏதாவது பாதிப்பு இருக்கும். 13 முதல் 16 வாரம் வரை என்றால் காது கேளாமை மட்டும் வரலாம். 20 வாரம் தாண்டினால் பாதிப்பு அரிது.

பிறந்த குழந்தையின் ரத்தத்தில் ருபெல்லாவுக்கான ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் இருந்தால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, தாயிடமிருந்தே வந்திருக்கலாம். ஐஜிஎம் என்ற இன்னொரு எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடியைத் தாண்டாது. அது இருந்தால் குழந்தையே தயாரித்தது, அதாவது தொற்று குழந்தைக்கே வந்திருக்கிறது. இப்படிப்பட்ட குழந்தைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் ஒரு வருடம் வரைகூட வைரஸ் வெளியேறலாம் என்பதால், கர்ப்பிணிகள் அவர்களிடம் நெருங்கக் கூடாது.

தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி முகாம்கள் தொடங்கின. உயிருள்ள, பலவீனமாக்கப்பட்ட வைரஸ் ஊசி என்பதால் கர்ப்ப காலத்தில் போடுவதில்லை. கல்யாணமான பெண் போட்டுக்கொண்டால் ஒரு மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும்.

சரி, கருவில் இருக்கும் குழந்தையைத் தாக்கும் இன்னொரு வைரஸான சைட்டோமெகலோ வைரஸுக்கும் இதே தடுப்பூசி வழி உண்டா? இல்லை, பொதுப் பயன்பாட்டுக்குத் தடுப்பூசியே இன்னும் வரவில்லை. ருபெல்லா ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராது. சைட்டோமெகலோ வைரஸோ உடலுக்குள்ளேயே தூங்கிக் கிடந்து, கர்ப்பத்தில் விழித்துக்கொள்ளும், அல்லது வேறொரு ரகமாகப் புதிதாகத் தொற்றும். சிறு குழந்தையின் எச்சிலும் சிறுநீரும்தான் முக்கிய வழி. மூத்த குழந்தை மிச்சம் வைத்த சோற்றைக் கர்ப்பிணி சாப்பிடாமல் இருப்பதும், டயபர் மாற்றியதும் சோப்பு போட்டுக் கைகழுவுவதும்தான் நம் கையில் இருக்கும் தடுப்பு.

சைட்டோமெகலோ தொற்றோடு பிறக்கும் பெரும்பாலான குழந்தைகள் பார்க்க நன்றாகவே இருப்பார்கள். பிறந்தபோது நன்றாகக் கேட்ட காது இரண்டு மூன்று வயதில் மங்கலாம். பிறந்து 21 நாட்களுக்குள் எச்சிலிலோ சிறுநீரிலோ வைரஸைத் தேட வேண்டும். தாய்ப்பாலில் இருக்கும் வைரஸ் எச்சிலில் ஒட்டியிருக்கலாம் என்பதால், எச்சிலில் கிடைத்தால் சிறுநீரிலும் பார்த்து உறுதி செய்வார்கள். மூன்று வாரம் தாண்டிவிட்டால், கருவில் வந்ததா, பிறகு பாலில் வந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம். தொற்று உறுதியான குழந்தைக்கு முதல் பரிசோதனையில் காது நன்றாகக் கேட்டாலும், பள்ளி சேரும் வயது வரை அவ்வப்போது செவித்திறன் சோதனை தொடர வேண்டும்.