மிகாமல், குறையாமல், நிறைந்த பிறகு: கார் சீட் லேபிளில் இருந்த மூன்று எண்கள்

திருமங்கலத்தில் இருக்கும் அப்பாவின் நண்பர் ஒருவர் போன மாதம் வாட்ஸ்அப்பில் இரண்டு படங்கள் அனுப்பினார். பேரனுக்கு வந்த கார் சீட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த லேபிள். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன், தன் பிள்ளை வளர்ந்துவிட்டதால் ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். கையேடு வரவில்லை. சீட்டில் இருப்பதெல்லாம் ஜெர்மன்.

படங்களோடு வீட்டில் யாரோ எழுதிய தமிழும் வந்தது. "76 செ.மீ.க்கு மேல் முன்பக்கம் பார்த்து உட்காரலாம். 18 கிலோ வரை. 4 வயது வரை." கீழே மாமா கேட்டிருந்தார்: "இது சரிதானாம்மா? பையனுக்குப் பதினஞ்சு மாசம் நடக்குது, ரெண்டரை அடி இருப்பான். ஞாயித்துக்கிழமை மதுரைக்குக் கூட்டிட்டு வரணும். சீட்டைத் திருப்பி மாட்டிடலாமா?"

ஜெர்மன் இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்ப்பது என் தொழில். அந்த மூன்று வரியும் பார்வைக்குச் சரியாகத்தான் தெரியும். ஆனால் மூன்றிலுமே பிழை இருந்தது. மாமாவின் கேள்வியில் இருந்த இரண்டு அளவுகளும் அந்தப் பிழைகளோடு சேர்ந்து, திருப்பக்கூடாத குழந்தையைத் திருப்ப வைத்திருக்கும்.

முதலில் படத்தைப் பற்றி. லேபிள் வளைந்த பிளாஸ்டிக்கின்மேல் ஒட்டியிருந்தது, ஃப்ளாஷ் போட்டு எடுத்திருந்தார்கள். ஒளி பட்டு வெளுத்த இடத்தில் எடை எண் 185 என்று தெரிந்தது. இன்னொரு படத்தில் 18 மட்டும் இருந்தது. ஃப்ளாஷ் இல்லாமல், பக்கத்து ஜன்னல் வெளிச்சத்தில், லேபிளின் நான்கு ஓரமும் தெரியும்படி போனை அதற்கு நேராகப் பிடித்து எடுக்கச் சொன்னேன். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும், அதனால் டாக்குமென்டாக அனுப்பச் சொன்னேன். புதுப் படத்தில் இருந்தது 18,5.

ஜெர்மானியர்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, கமா வைப்பார்கள். நமக்குக் கமா என்றால் ஆயிரத்தையும் லட்சத்தையும் பிரிக்கும் குறி. எடைக்குள் அது வந்தால் கண் அதை அழுக்கு என்று தள்ளிவிடும், இல்லையென்றால் 18 என்று அங்கேயே நிறுத்திவிடும். அதனால் எண்களை எப்போதும் முதலில் அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வேன், கமாவும் குறிகளும் உட்பட. சுற்றியிருக்கும் சொற்களை அதற்குப் பிறகுதான் தொடுவேன். அன்றும் எழுதி முடித்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டு, படத்தை அல்ல, சீட்டையே பார்த்து ஒவ்வொரு இலக்கமாகப் படிக்கச் சொன்னேன். "ஒண்ணு, எட்டு, கீழே ஒரு வால், அப்புறம் அஞ்சு" என்றார். பதினெட்டரை கிலோ.

"அந்த அரை எதுக்கு, 19ன்னு போட்டுக்கலாமே" என்றும் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இது ஆர்129 என்ற ஐ.நா. விதிமுறைப்படி அங்கீகாரம் பெற்ற சீட். 2013 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அந்த விதிமுறையில், ஐசோஃபிக்ஸ் என்ற கொக்கிகளால் காரோடு மாட்டி, சீட்டின் சொந்த வார்களாலேயே குழந்தையைக் கட்டும் வகைக்கு ஒரு மொத்த எடை வரம்பு உண்டு. சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோவுக்கு மிகக்கூடாது. மோதலின்போது அந்தப் பாரத்தின் பெரும்பகுதியைக் காரின் இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் இருக்கும் இரும்பு வளையங்கள் தாங்க வேண்டும். மாமாவின் சீட்டைத் தராசில் வைத்தோம், 14.5 கிலோ. 33இல் அதைக் கழித்தால் 18.5. குழந்தைக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். அந்த அரைக் கிலோ அலங்காரத்துக்குப் போட்டதல்ல. அதே காரணத்தால், வேறு கம்பெனியின் கனமான சீட்டில் வரம்பு இன்னும் குறைவாக இருக்கும். ஒரு சீட்டின் எண்ணை இன்னொன்றுக்குச் சொல்ல முடியாது.

அடுத்தது 'மேல்' என்ற சொல். லேபிளில் முன்நோக்கி உட்காரும் படத்துக்குப் பக்கத்தில் இரண்டு நிபந்தனைகள் இருந்தன. உயரத்துக்கு 'ஆப்' என்ற சொல்லும் வயதுக்கு 'ஊபர்' என்ற சொல்லும் போட்டிருந்தார்கள். 'ஆப் 76' என்றால் 76 ஆனாலே போதும், 76ம் சேர்த்தி. 'ஊபர் 15 மாதம்' என்றால் 15ஐத் தாண்டியிருக்க வேண்டும். தமிழில் இரண்டையும் 'மேல்' என்று எழுதிவிட்டால் அந்த வேறுபாடு போய்விடும். வீட்டில் எழுதியவரோ வயதையே விட்டுவிட்டார். அது உயரத்துக்குப் பக்கத்தில் இல்லாமல், கீழே ஒரு சின்னச் சதுரத்துக்குள் குழந்தைப் படத்தோடு தனியாக இருந்தது. மொழி தெரியாதவர் அதை விளம்பரப் படம் என்று நினைத்திருப்பார்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது 'அல்லது' இல்லை, 'மேலும்'. 76 செ.மீ. வந்தாக வேண்டும், 15 மாதமும் கடந்தாக வேண்டும். ஒன்று நிறைவேறி இன்னொன்று பாக்கியிருந்தால் குழந்தை பின்நோக்கியே உட்கார வேண்டும். இந்த வயதில் தலை உடம்பை ஒப்பிடும்போது பெரியது, கனமானது. கழுத்து எலும்பும் தசைநார்களும் இன்னும் இறுகவில்லை. கார் முன்னால் மோதும்போது, முன்நோக்கி உட்கார்ந்த குழந்தையின் உடம்பை வார்கள் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் பாயும். பின்நோக்கி உட்கார்ந்தால் முதுகு, கழுத்து, தலை எல்லாம் சேர்ந்து சீட்டின் ஓட்டில் பதியும்.

இனி மாமா சொன்ன இரண்டு அளவுகள். "பதினஞ்சு மாசம் நடக்குது" என்பது நம் வழக்கம். பதினான்கு முடிந்து பதினைந்தாவது மாதத்தில் இருக்கிறான் என்று அர்த்தம். ஜெர்மன் லேபிள் கேட்பது முடிந்த மாதங்களை. பிறந்த தேதியை வாங்கிக் கணக்குப் பார்த்தேன், பையனுக்கு 14 மாதமும் 9 நாளும். லேபிளின் கணக்கில் இன்னும் மூன்று வாரம் பாக்கி. தமிழில் வெறுமனே 15 மாதம் என்று எழுதினால், படிக்கிற பாட்டி தன் வழக்கப்படி ஒரு மாதம் முன்னாலேயே திருப்பச் சொல்லிவிடுவார். அவர் மேல் குற்றமில்லை, எழுதியவர்தான் பொறுப்பு. அதனால் '15 மாதம் நிறைந்த பிறகு' என்றுதான் எழுதுகிறேன்.

"ரெண்டரை அடி" இன்னும் நுட்பமானது. இரண்டரை அடி என்பது 30 அங்குலம், அதாவது 76.2 செ.மீ. வரம்பை இரண்டு மில்லிமீட்டர் தாண்டிய எண்! உருண்டையாகச் சொன்ன அளவு தற்செயலாக வரம்பின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. கதவு நிலையில் நிற்க வைத்துப் பென்சிலால் கோடு போட்ட அளவு அது, செருப்பும் போட்டிருந்தானாம். இந்த வயதுக் குழந்தையைப் படுக்க வைத்துத்தான் அளக்க வேண்டும். தரையில் படுக்க வைத்து, உச்சந்தலை சுவரைத் தொடும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் முழங்காலை மெல்ல அழுத்தி நீட்டி, உள்ளங்காலில் கெட்டி அட்டைப் புத்தகத்தைச் செங்குத்தாக வைத்துத் தரையில் குறிக்க வேண்டும். அத்தையும் மருமகளும் இரண்டு தடவை அளந்தார்கள். இரண்டு தடவையும் 75.4. எடை 9.8 கிலோ.

அப்போது பக்கத்து வீட்டுக்காரர், "ஒன்பது கிலோ தாண்டிட்டானே, திருப்பலாம்" என்றாராம். அதுவும் எங்கிருந்தோ வந்த எண்தான். ஆர்44 என்ற பழைய விதிமுறை குழந்தைகளை எடையால் பிரித்தது. பிறந்ததிலிருந்து 13 கிலோ வரை ஒரு பிரிவு, 9 முதல் 18 கிலோ வரை அடுத்தது. அந்த வகை சீட்டில் ஒன்பது கிலோ ஒரு எல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 செப்டம்பர் முதல் அவற்றை விற்கக்கூடாது, ஆனால் ஏற்கெனவே வாங்கியவை வீடுகளில் இருக்கின்றன, பெட்டியில் ஏறி இங்கேயும் வருகின்றன. ஆகவே லேபிளில் முதலில் தேட வேண்டியது விதிமுறை எண்ணை. 44 என்று தொடங்கினால் கிலோ பேசும், 129 என்றால் சென்டிமீட்டர் பேசும். ஒன்றின் வரம்பை இன்னொன்றுக்குப் பொருத்தக்கூடாது.

'4 வயது வரை' என்ற வரியை நான் வரம்புகளோடு சேர்க்கவில்லை. ஜெர்மனில் அதற்கு முன்னால் 'சிர்கா' இருந்தது, 'சுமார்' என்று பொருள். அது கடைக்காரருக்கான குறிப்பு. சீட்டு முடிவது 105 செ.மீ. அல்லது 18.5 கிலோ, இரண்டில் எது முதலில் வருகிறதோ அதில். இங்கே மட்டும் 'அல்லது'. கொஞ்சம் பூசினாற்போல் வளரும் குழந்தை 100 செ.மீ.யிலேயே எடை வரம்பைத் தொட்டுவிடலாம்.

தள்ளுவண்டி லேபிளிலும் இதே தொல்லைதான். ஒரே வண்டியில் மூன்று எடைகள் இருக்கும்: படுக்கும் தொட்டிக்கு 9 கிலோ, உட்காரும் இருக்கைக்கு 15 அல்லது 22 கிலோ, கீழ்க்கூடைக்குச் சில கிலோ. கூடைக்கான எண்ணைக் குழந்தைக்கு என்று படித்துப் பதறியவர்களும் உண்டு, இருக்கையின் 22ஐத் தொட்டிக்கும் என்று எடுத்துக்கொண்டவர்களும் உண்டு. எண் எந்தப் பாகத்தில் ஒட்டியிருக்கிறது என்று தெரியும்படி தூரத்திலிருந்தும் ஒரு படம் வேண்டும். தொட்டிக்கு எடை மட்டும் போதாது. குழந்தை தானாக உட்கார, புரள, கையையும் முழங்காலையும் ஊன்றி எழும்பத் தொடங்கிவிட்டால், ஏழு கிலோவே இருந்தாலும் அதில் படுக்க வைக்கக்கூடாது. அந்த வாசகமும் எண்ணுக்குப் பக்கத்திலேயே இருக்கும், விட்டுவிடாதீர்கள்.

மாமாவுக்கு நான் அனுப்பியது இதுதான்:

பின்நோக்கி: உயரம் 61 செ.மீ.க்குக் குறையாமல், 105 செ.மீ.க்கு மிகாமல். எடை 18.5 (பதினெட்டரை) கிலோவுக்கு மிகாமல்.

முன்நோக்கி: உயரம் 76 செ.மீ.க்குக் குறையாமல், 105 செ.மீ.க்கு மிகாமல்; மேலும் பிறந்து 15 மாதம் நிறைந்த பிறகு மட்டும். எடை 18.5 கிலோவுக்கு மிகாமல்.

'மிகாமல்', 'குறையாமல்' என்பவை ஆபீஸ் தமிழாகத் தோன்றலாம். 'வரை', 'மேல்', 'கீழ்' என்ற சொற்கள் எல்லை எண் சேர்த்தியா இல்லையா என்பதைக் கேட்பவரின் ஊகத்துக்கு விட்டுவிடும். இந்த இரண்டும் விடாது.

மாமா அதைப் பெரிய எழுத்தில் அச்செடுத்து, ஜெர்மன் லேபிள் மறையாமல் அதற்குக் கீழே ஒட்டினார். அந்த ஞாயிற்றுக்கிழமை பையன் பின்கண்ணாடியைப் பார்த்தபடியேதான் மதுரைக்கு வந்தான். சமையலறைக் காலண்டரில் 15 மாதம் நிறையும் தேதியை அத்தை வட்டம் போட்டு, பக்கத்தில் "அளந்து பார்க்கணும்" என்று எழுதி வைத்திருக்கிறார்.