ஆடித் தள்ளுபடி பேனரில் நேரத்தைக் குறைப்பதால் கோப்பு சிறுக்காது

ஆடி பிறக்கும் முன்பே துணிக்கடைகளிலிருந்து அசையும் பேனர் வேலைகள் வரத் தொடங்கிவிடும். ஒவ்வோர் ஆண்டும் அதே கோளாறுகளைத் திருத்தி அனுப்பிய பிறகும், இந்த ஆண்டும் ஒரு கடையிலிருந்து ஏறக்குறைய 4 எம்.பி. எடையுள்ள ஜிஃப் ஒன்று வந்து சேர்ந்தது. கூகுள் விளம்பரத்தில் ஏற்ற வேண்டிய, 300 × 250 பிக்சல் அளவுள்ள பேனர் அது. அங்கே படக் கோப்புக்கான உச்ச வரம்பு 150 கே.பி. "ஐந்து விநாடி ஓடுகிறது, மூன்றாகக் குறைத்துவிடுங்கள், சரியாகிவிடும்" என்ற குறிப்பும் உடன் இருந்தது.

இந்த நம்பிக்கைதான் மிகுதியான பேனர்களைக் கெடுக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஜிஃப் கோப்பில் நேரத்துக்கு எடை கிடையாது. ஒவ்வொரு ஃபிரேமுடனும் அது எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பது ஓர் எண்ணாக மட்டுமே பதிவாகிறது. ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கை அலகாகக் கொண்ட அந்த எண்ணை 10 என்று எழுதினாலும் 300 என்று எழுதினாலும் கோப்பின் அளவு ஒரு பைட்டும் மாறாது. எடை கூட்டுபவை எத்தனை ஃபிரேம்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு பரப்பு மாறுகிறது, எத்தனை நிறங்கள் ஆகியவைதான். எனவே எழுத்து நிற்கும் நேரத்தை மூன்று விநாடியிலிருந்து ஒன்றாகக் குறைப்பவர், படிக்க வந்தவரின் நேரத்தைப் பறிக்கிறாரே தவிர, கோப்பிலிருந்து எதையும் குறைக்கவில்லை.

அந்தப் பேனர் ஏன் 4 எம்.பி. ஆயிற்று என்று பார்த்தால் காரணம் தெளிவாகவே தெரிந்தது. வீடியோ மென்பொருளில் விநாடிக்கு 25 ஃபிரேமாகச் செய்து, அப்படியே ஜிஃப் ஆக்கியிருக்கிறார்கள். ஐந்து விநாடிக்கு 125 ஃபிரேம்கள். பட்டுச் சேலைப் படம் பின்னணியில் மெல்லப் பெரிதாகிக்கொண்டே போகிறது. கண்ணுக்கு அது மென்மையான அசைவு. கோப்புக்கோ, 75,000 பிக்சல்களும் ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாக எழுதப்பட வேண்டியவை. பிறகு இணையத்தில் கிடைக்கும் ஏதோ ஓர் அமுக்கியில் போட்டு 150-க்குள் கொண்டுவர முயன்றிருக்கிறார்கள். அந்தப் பதிப்பையும் அனுப்பியிருந்தார்கள். சேலையின் ஜரிகை சேறு போலக் கலங்கியிருந்தது. "தள்ளுபடி" என்ற சொல்லில் முதல் ளகரத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக் காணாமல் போயிருந்தது. தமிழில் புள்ளியும் கொம்பும் சுழியும் போனால் சொல்லே போய்விடும் என்பதை அமுக்கி அறியாது. வடிவமைப்பவர்தான் அறிந்திருக்க வேண்டும்.

நான் அதைத் திருத்திய முறை இது. பேனரின் வலப்புறம் 110 பிக்சல் அகலத்துக்குச் சேலைப் படம். அது அசையவே அசையாது. இடப்புறம் 190 பிக்சல் அகலத்துக்கு ஒரே சீரான அரக்கு நிறம். தங்க நிறச் சாயல் படிப்படியாக மாற வேண்டும் என்று கேட்டார்கள், மறுத்துவிட்டேன். ஜிஃப் ஃபிரேம் ஒன்றில் 256 நிறங்களுக்கு மேல் இடமில்லை. சாயல் மாறும் பின்னணியைக் குறைந்த நிறங்களில் காட்டினால் பட்டை பட்டையாகத் தெரியும். அதை மறைக்கப் புள்ளி தூவினால், ஒரே நிறம் தொடர்ந்து வரும் இடங்களைச் சுருக்கிச் சேமிக்கும் ஜிஃப்பின் முறைக்கு அந்தப் புள்ளிகளே பகையாகிக் கோப்பு பருத்துவிடும். ஃபோட்டோஷாப்பில் Save for Web திறந்து, புள்ளி தூவும் Dither-ஐ 100 சதவீதத்தில் விட்டுவிட்டு, கோப்பு ஏன் பெரிதாக இருக்கிறது என்று கேட்பவர்கள் இதை முதலில் பார்க்கட்டும்.

அரக்குப் பரப்பின் மேற்பகுதியில் "50% வரை" ஒரு வரியிலும் "தள்ளுபடி" அடுத்த வரியிலும் தடித்த எழுத்தில் நிலையாக நிற்கின்றன. "வரை" என்பதைக் கண்ணுக்குத் தெரியாத சிற்றெழுத்தில் போடச் சொல்பவர்களுக்கு நான் இணங்குவதில்லை. கடைக்கு வந்தபின் வாடிக்கையாளர் அடையும் கோபம் கடையைத்தான் சேரும். மாறுவது கீழே உள்ள 190 × 60 பிக்சல் பட்டை மட்டுமே. முதலில் கடையின் பெயர், பிறகு "பட்டு, பருத்தி, சுடிதார்", கடைசியில் "ஆகஸ்ட் 10 வரை". இந்தப் பட்டை முழுப் பேனரின் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

சலுகையை நிலையாக நிறுத்தியதற்கு எடை மட்டும் காரணமன்று. சுழலும் பேனரைத் தொடக்கத்திலிருந்து பார்க்க யாரும் காத்திருப்பதில்லை. பக்கத்தை உருட்டிக்கொண்டு வருபவர் கண்ணில் எந்த நொடி படுகிறதோ அதுவே அவருக்குத் தொடக்கம். சலுகை இரண்டாவது காட்சியில் மட்டும் வந்தால், முதல் காட்சியோடு கடந்து போனவருக்கு அது சேலைப் படம், அவ்வளவுதான். மின்னஞ்சலிலும் இதே சிக்கல் உண்டு: விண்டோஸில் ஓடும் பழைய அவுட்லுக் பதிப்புகள் பல, முதல் ஃபிரேமோடு நின்றுவிடும்.

மூன்று காட்சிகள் முறையே 2.2, 2.5, 3 விநாடிகள் நிற்கின்றன. முதலிலிருந்து இரண்டாவதற்கும், இரண்டிலிருந்து மூன்றாவதற்கும் இடையே எழுத்து மேலே நகர்ந்து மாற, தலா மூன்று சிறு ஃபிரேம்கள், ஒவ்வொன்றும் விநாடியில் பத்தில் ஒரு பங்கு. மொத்தம் 9 ஃபிரேம், ஒரு சுற்றுக்கு 8.3 விநாடி. கூகுள் விளம்பரத்தில் அசைவு 30 விநாடிக்குள் நின்றாக வேண்டும் என்பதால் மூன்று சுற்று, ஏறத்தாழ 25 விநாடி. விநாடிக்கு 5 ஃபிரேமுக்குக் குறைவான வேகமே அங்கு ஏற்கப்படுவதால், அங்கு அனுப்பிய பதிப்பில் அந்த நகர்வையும் எடுத்துவிட்டு நேரடியாக மாறும்படி மூன்றே ஃபிரேமாக ஆக்கினேன். நகர்வுள்ள பதிப்பு கடையின் சொந்த இணையதளத்துக்குப் போயிற்று.

சுற்றுகள் முடிந்ததும் ஜிஃப் தன் கடைசி ஃபிரேமில் நின்றுவிடும். ஆகவே கடைசிக் காட்சியிலிருந்து முதல் காட்சிக்குத் திரும்பும் நகர்வைக் கோப்பின் முடிவில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், பாதி நகர்ந்த எழுத்தோடு உறைந்துபோய் நிற்கும்.

முடிந்த கோப்பைக் கடைசியாக, ஜிஃப்பைச் சுருக்கும் கட்டளைவரிக் கருவியான gifsicle-இல் இப்படி ஒருமுறை ஓட்டினேன்:

```
gifsicle -O3 --colors 64 --lossy=30 --loopcount=2 aadi.gif -o aadi-small.gif
```

`-O3` மாறிய பரப்பை மட்டும் எழுதச் செய்கிறது. `--loopcount=2` என்றால் முதல் ஓட்டத்துக்குப் பின் இன்னும் இரண்டு. `--lossy` படத்தின் தரத்தைச் சற்று விட்டுக்கொடுத்துக் கோப்பைச் சுருக்குகிறது, அதன் எண்ணைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். எழுத்தின் விளிம்பில் அழுக்குப் போலத் திட்டுகள் தென்பட்டால் உடனே குறையுங்கள். 64 நிறங்களில் சேலை பொலிவிழந்தால், நிறத்தைக் கூட்டும் முன் பின்புலம் எளிமையாக உள்ள வேறு படத்தைக் கேட்டு வாங்குங்கள். கோப்பு 150 கே.பி.க்கு நன்றாகவே உள்ளடங்கியது.

சரிபார்ப்பதைக் கணினித் திரையில் பெரிதாக்கிச் செய்யக் கூடாது. கைபேசியில், உண்மை அளவில், கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு காட்சியையும் அது மாறுமுன் வாய்விட்டு இரண்டு முறை படிக்க முடிய வேண்டும். முடியாவிட்டால் சொற்களைக் குறையுங்கள், அல்லது நேரத்தைக் கூட்டுங்கள், நேரம் இலவசம். புள்ளியும் கொம்பும் தனித்துத் தெரிகின்றனவா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். 18 பிக்சலுக்குக் கீழே தமிழ் எழுத்தை இறக்காதீர்கள்.

சிவப்பும் மஞ்சளும் மாறி மாறி மின்ன வேண்டும் என்று கேட்கும் கடைக்காரர்களிடம் மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: வேண்டாம். இணைய அணுகல்தன்மை நெறிகள் விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்கின்றன. சிலருக்கு அது வலிப்பையே வரவழைக்கும். அடுத்த முறை வேலை தரும்போது மாதிரி வீடியோவுக்குப் பதிலாக, சலுகை என்ன, எந்தெந்தத் துணிக்கு, எந்த நாள் வரை என்று மூன்று வரிகளும் நல்ல படம் ஒன்றும் அனுப்புங்கள்.