ப்ரீகாஸ்ட் சுவரை அச்சிலிருந்து எப்போது தூக்கலாம்?

ப்ரீகாஸ்ட் தொழிற்சாலையில் மாலையில் வார்த்த சுவர்ப் பலகையை மறுநாள் காலையிலேயே தூக்கிவிட்டு, அதே அச்சில் அடுத்ததை வார்க்க வேண்டும். இந்த வேகத்தில்தான் தொழிலின் இலாபம் இருக்கிறது. கான்கிரீட் தன் ஆயுளிலேயே மிகவும் பலவீனமாக இருக்கும் நேரத்தில் அதன் மீது கடுமையான சுமைகளுள் ஒன்று விழுவதும் இந்த வேகத்தால்தான். ஆகவே தரத் திட்டம் என்பது கோப்பில் இருக்கும் பட்டியல் அன்று; அடுத்த வேலையைத் தொடங்கும் முன் ஒருவர் அளந்து, கையெழுத்திட்டு, அனுமதி தர வேண்டிய சில நிறுத்தங்களின் வரிசை. 6 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், 150 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட ஒரு சுவர்ப் பலகையை எடுத்துக்கொண்டால் இந்த வரிசை எப்படி வேலை செய்கிறது என்பது விளங்கும்.

முதல் நிறுத்தம் அச்சு. இரும்பு மேசையின் மேல் பக்கத்தகடுகளைப் பொருத்தியதும் நீளத்தையும் உயரத்தையும் டேப்பால் அளந்து சரி என்று விட்டுவிடுவது வழக்கமான தவறு, ஏனெனில் நான்கு பக்கங்களும் மிகச் சரியாக இருந்தும் சட்டம் சாய்சதுரமாக நிற்கலாம். அதைக் காட்டிக்கொடுப்பவை மூலைவிட்டங்கள். நம் பலகையில் ஒவ்வொரு மூலைவிட்டமும் 6708 மி.மீ. இருக்க வேண்டும், ஒன்று மற்றதைவிட 9 மி.மீ. கூடுதலாக வந்தால், 3 மீட்டர் உயரத்தில் பக்கத்தகடு 5 மி.மீ. சாய்ந்திருக்கிறது என்று பொருள். தகட்டின் நடுப்பகுதி வெளியே பிதுங்கியிருப்பதை மூலைவிட்டம் காட்டாது, அதற்குத் தகட்டை ஒட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நூல் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். தடிமனையும் பல இடங்களில் அளப்பது அவசியம். 10 மி.மீ. கூடினால் பலகையின் எடை 0.45 டன் கூடிவிடும், அந்தக் கூடுதல் எடையைச் சுமக்கப்போவது தூக்குப் பிடிகள்.

அந்தப் பிடிகளின் கணக்கு பலரை ஏமாற்றக்கூடியது. பலகையின் எடை 6.75 டன். எண்ணெய் பூசிய வழவழப்பான இரும்பு மேசைகூடக் கான்கிரீட்டை எளிதில் விடாது. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 0.1 டன் ஒட்டுவிசை உண்டு என்று வைத்தால், 18 சதுர மீட்டருக்கு 1.8 டன் சேர்ந்து மொத்தம் 8.55 டன் ஆகிறது. கிடையாகத் தூக்க நான்கு பிடிகள் இருக்கின்றனவே, நான்கால் வகுத்தால் போதாதா? போதாது. நான்கு சங்கிலிகள் ஒரே கொக்கியில் தொங்கும்போது அவற்றின் நீளத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் எதிரெதிர் மூலையிலுள்ள இரண்டு சங்கிலிகளே சுமையைத் தாங்கும், மற்ற இரண்டும் தளர்ந்து நிற்கும். நான்கும் சமமாகப் பகிர்ந்துகொள்ளும்படி கப்பியோ சமன்படுத்தும் உத்தரமோ இல்லாத இடத்தில் இரண்டு பிடிகளை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். சங்கிலி கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் சாய்ந்திருந்தால் அதன் இழுவிசை 1.155 மடங்காகிறது. ஆக ஒரு பிடிக்கு வரும் சுமை 4.94 டன். நான்கும் தாங்கும் என்று நம்பியவருக்கு இது 2.47 டன் என்று தெரியும், அவர் 2.5 டன் பிடியை வாங்கிப் பதித்திருப்பார். நீளமான சங்கிலி கிடைக்கவில்லை என்று குட்டையானதை மாட்டிக் கோணம் 45 பாகைக்கு இறங்கினால், பிடியின் சுமை 6 டன்னைத் தாண்டும். எனவே சங்கிலியின் நீளத்தையும் தரத் திட்டத்தில் எழுதியாக வேண்டும் என்பது என் கருத்து. அது கிரேன் ஆளின் விருப்பத்துக்கு விட்ட விஷயம் அன்று.

சரியான பிடியை வாங்கினாலும், பதிப்பதில் தவறு நேரலாம். பிடி அறுந்துபோவதைவிட, தன்னைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைக் கூம்பு வடிவில் பிய்த்துக்கொண்டு வருவதற்கே வாய்ப்பு அதிகம். அந்தக் கூம்பின் வலிமை பதிப்பு ஆழத்தின் 1.5 அடுக்கைப் பொறுத்தது, கான்கிரீட் வலிமையின் வர்க்கமூலத்தையும் பொறுத்தது. ஆழம் 20 சதவீதம் குறைந்தால் தாங்குதிறன் 28 சதவீதம் குறைந்துவிடும். வைப்ரேட்டர் பட்டுப் பிடி சாய்ந்ததா, பிடியின் துளைக்குள் செருக வேண்டிய வால்கம்பி செருகப்பட்டதா என்பதையெல்லாம் கான்கிரீட் ஊற்றிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. ஊற்றுவதற்கு முன் எடுத்த ஒரு புகைப்படம், பலகையின் எண் தெரியும்படி இருந்தால், பத்துப் பக்கப் படிவத்தைவிடப் பயன் தரும்.

அடுத்து, தூக்கும் நேரத்தில் கான்கிரீட்டின் வலிமை. முதல் தூக்கலுக்குக் குறைந்தது 15 மெகாபாஸ்கல் என்று திட்டத்தில் வைப்பது பரவலான வழக்கம். அதைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறிய, சோதனைக்காக வார்த்த கான்கிரீட் க்யூபை உடைத்து உறுதிசெய்ய முடியாது. தொட்டி க்யூப் அந்தக் கலவையின் இயல்பைச் சொல்லும். அச்சில் கிடக்கும் பலகையின் இன்றைய நிலையைச் சொல்வது, அதன் அருகிலேயே அதே போர்வையின் கீழ் இரவைக் கழித்த க்யூப்தான். ஏன் இந்த வேறுபாடு? வலிமை ஏறும் வேகத்தை முடிவுசெய்வது வெப்பநிலை. கான்கிரீட்டின் வெப்பநிலையோடு 10-ஐக் கூட்டி, கடந்த மணிநேரங்களால் பெருக்கினால் வருவது அதன் முதிர்ச்சி எண். கோடையில் 32 பாகை செல்சியஸில் 14 மணி நேரம் கிடந்த பலகைக்கு இது 588. மார்கழி இரவில் 20 பாகையில் கிடந்ததற்கு 420 மட்டுமே. அதே 588-ஐ எட்ட அதற்கு ஏறக்குறைய இருபது மணி நேரம் வேண்டும். கோடையில் சரியாக ஓடிய கால அட்டவணை மார்கழியில் பிடியைப் பிய்க்கக் காரணம் இதுவே. நீராவி கொடுத்து ஈடுகட்டலாம். ஆனால் ஊற்றிய உடனே சூடேற்றாமல் சில மணி நேரம் இறுக விட வேண்டும், பிறகு மெதுவாகவே ஏற்ற வேண்டும். உள்வெப்பம் 70 பாகையைத் தாண்டினால், பல ஆண்டுகள் கழித்து ஈரத்தில் எட்ரிங்கைட் என்னும் உப்பு உள்ளே வளர்ந்து கான்கிரீட்டை விரிசலிடச் செய்யும் அபாயம் உண்டு.

கடைசி நிறுத்தம், முடிந்த பலகையின் அளவு. நீளத்தில் கூடவோ குறையவோ 5 மி.மீ. வரை ஏற்கலாம் என்று வரம்பு வைத்தால், பலகைகளின் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்ளும் என்று பலர் எண்ணுகிறார்கள். வெவ்வேறு அச்சுகளில் வார்த்தவற்றுக்கு அது ஓரளவு பொருந்தும். ஒரே அச்சில் வார்த்த பத்துப் பலகைகளும் 5 மி.மீ. நீளமாக இருந்தால், ஒவ்வொன்றும் தேர்வில் தேறும். வரிசையாக நிறுத்தும்போது 50 மி.மீ. மிஞ்சும், இணைப்பு இடைவெளிகள் அதை விழுங்க வேண்டியிருக்கும். ஆகையால் தேறியதா இல்லையா என்று டிக் அடிப்பதோடு நிற்காமல், அச்சுவாரியாக அளவை எழுதி, அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க வேண்டும். முதல் வார்ப்பில் ஒன்று, இருபதாவதில் மூன்று, நாற்பதாவதில் நான்கு என்று ஏறினால் வரம்பை மீறும்வரை காத்திராமல் தகட்டின் போல்ட்டையும் தாங்கியையும் சோதிக்க வேண்டும்.

வளைவை அளக்கும் நேரமும் முக்கியம். வெயில் படும் முகம் மறு முகத்தைவிட 10 பாகை சூடாக இருந்தாலே, 6 மீட்டர் பலகை நடுவில் ஏறத்தாழ 3 மி.மீ. வளைந்து நிற்கும், மாலையில் தானே நிமிர்ந்துவிடும். ஆகவே வளைவை விடியற்காலையில், வெயில் ஏறுமுன் அளந்து, அளந்த நேரத்தையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். காலையிலும் வளைவு நீடித்தால், இளம் பலகையை அடுக்கிய மரக்கட்டைகள் ஒன்றன் நேர்கீழ் ஒன்றாக வைக்கப்பட்டனவா என்று முதலில் பார்ப்பது நல்லது.