நாளைக்கு பேங்க், இன்று ராத்திரி விற்பனைத் தொகையில் கை வைக்காதீர்கள்

இந்த மாதமும் ஒன்று வந்துவிட்டது. புராஜெக்ட் ரிப்போர்ட்டை நாங்கள் ஒழுங்காகப் போட்டுக் கொடுக்கிறோம். பேங்க் மேஜைக்குப் போகும்போது அதில் விற்பனை மட்டும் இரண்டு மடங்காக வீங்கியிருக்கிறது. கேட்டால், "அப்பதான் சார் லோன் கிடைக்கும்னாங்க" என்கிறார்கள். சொன்னவர் யார் என்று தேடினால் மாமாவோ, சித்தப்பாவோ, பக்கத்துக் கடைக்காரரோ. அவரும் லோன் வாங்கியதில்லை.

இந்த முறை ஒரு மரச்செக்குக் கணக்கை எடுத்துக்கொண்டு கதையாகவே சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்குச் செல்வி என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஈரோட்டுப் பக்கம். முதல் தொழில், முதல் கடன். காலை பதினொரு மணிக்குக் கிளை மேலாளரைப் பார்க்க வேண்டும். முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் பெரியப்பா மகன் வந்து ரிப்போர்ட்டைப் புரட்டுகிறார்.

"வருசத்துக்கு அம்பத்தாறு லட்சமா? மேனேஜர் ஏறெடுத்தும் பாக்க மாட்டாரு கண்ணு. ஒண்ணேகால் கோடியாவது காட்டு."

செல்வியின் ரிப்போர்ட்டில் இருந்தது இதுதான். இரண்டு செக்கு. ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து கிலோ நிலக்கடலைப் பருப்பு. போட்டு, ஆட்டி, எண்ணெய் வழித்து, புண்ணாக்கு எடுத்து முடிக்க ஒரு மணி நேரம். ஒரு ஷிப்டுக்கு ஒவ்வொரு செக்கிலும் ஏழு ஆட்டம், ஆக ஒரு நாளைக்கு 210 கிலோ. இரண்டரைக் கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் எண்ணெய் என்று வைத்தால் 84 லிட்டர். வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 25,200 லிட்டர். அதுதான் முழுத் திறன். முதல் வருடம் அதில் 60 சதவீதம், அதாவது 15,120 லிட்டர். லிட்டர் 320 ரூபாய் மேனிக்கு 48.4 லட்சம், புண்ணாக்கு விற்று வருவது 8.3 லட்சம், மொத்தம் 56.7 லட்சம். விலைகள் அவள் விசாரித்து எழுதியவை. உங்கள் ஊரில், உங்கள் மாதத்தில் வேறாக இருக்கும்.

அண்ணன் போனதும் எக்செலைத் திறந்து விற்பனைக் கட்டத்தில் 1.2 கோடி என்று தட்டினாள். கடன் அடைக்கும் திறன் விகிதம், நாங்கள் டி.எஸ்.சி.ஆர். என்போமே, அது 37-ஐத் தாண்டியது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஒன்றரையிலிருந்து இரண்டுக்குள் இருந்தாலே பேங்க் நிம்மதியாகப் பார்க்கும் எண் அது. வருடத்தில் கையில் மிஞ்சும் பணம், அந்த வருடத்துத் தவணையையும் வட்டியையும் போல எத்தனை மடங்கு என்பதுதான் கணக்கு. 37 என்று ஒரு செக்குக் கடை காட்டினால் அதிகாரி அசந்து போக மாட்டார், பேனாவை மூடி வைத்துவிடுவார். விற்பனைக் கட்டம் மாறியிருக்கிறது, பருப்புக் கட்டம் மாறவில்லை என்று அவருக்கு அந்த ஒரு எண்ணே சொல்லிவிடும். 1.2 கோடி விற்பனைக்கு ஏறக்குறைய 32,000 லிட்டர் எண்ணெய் வேண்டும். இருக்கிற இரண்டு செக்கும் வருடம் முழுக்க ஒரு ஷிப்டு ஓடினாலே 25,200தான். மின்கட்டணம் பழையது, ஆள் கூலி பழையது, பருப்பு பழையது. எண்ணெய் மட்டும் எங்கிருந்து ஊறும்?

எத்தனை தடவை சொன்னாலும் ஏறாத விஷயம் ஒன்று உண்டு, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். பேங்க் உங்கள் கம்பெனியில் பங்கு வாங்குவதில்லை. விற்பனை ஐந்து மடங்கு ஆனாலும் அதற்குக் கிடைக்கப்போவது அதே வட்டிதான். நீங்கள் பெரிதாக வளர்ந்தால் அதற்கு லாபம் இல்லை, நீங்கள் விழுந்தால் நஷ்டம் உண்டு. அதனால் அங்கே உட்கார்ந்திருப்பவர் தேடுவது, "மோசமான மாதத்திலும் தவணை வருமா" என்பதை மட்டுமே. பெண் பார்க்க வருகிறவர்களிடம் சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதுபோல இங்கே சொன்னால், கூட்டின ஒவ்வொரு ரூபாய்க்கும் அடுத்த பக்கத்தில் கணக்குக் கேட்பார்கள்.

கேட்பது மட்டுமில்லை, அந்தப் பெரிய எண் உங்கள் பையையே கடிக்கும். சரக்கு வாங்கவும் கடைப் பாக்கி வரும்வரை தாங்கவும் வேண்டிய பணம்தான் நடைமுறை மூலதனம். சிறு தொழிலுக்கு அதைக் கணக்கிட, ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் குழு சொன்ன முறையைத்தான் வங்கிகள் பெரும்பாலும் பிடிக்கின்றன. எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் தேவை. அதில் 20 பேங்க் தரும், 5 உங்கள் கைப்பணம். 56.7 லட்சத்துக்கு பேங்க் பங்கு 11.3 லட்சம், செல்வியின் பங்கு 2.84 லட்சம். இயந்திரங்கள் 8 லட்சம், அதில் கால் பங்கு 2 லட்சம் அவளுடையது. ஆக மொத்தம் ஐந்து லட்சத்துக்குள். அவளுடைய சேமிப்புக் கணக்கில் இருந்தது 5.2 லட்சம். விற்பனையை 1.2 கோடி ஆக்கினதும் நடைமுறை மூலதனத்தில் அவள் பங்கே 6 லட்சம், இயந்திரத்தோடு சேர்த்து 8 லட்சம். மீதி 2.8 லட்சம் எங்கே என்று கேட்டால் அண்ணனைக் கைகாட்ட முடியுமா? பாஸ்புக் நகலையும் அவளேதான் அந்த ரிப்போர்ட்டில் இணைத்திருந்தாள்.

நல்லவேளை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் அவளுக்கே உறைத்தது. நிதிப் பக்கத்தைப் பார்த்து இல்லை. வேலையாள் ஒருவர் ஒரு நாளைக்கு எத்தனை ஆட்டம் போடுவார் என்று வகுத்துப் பார்த்தபோது ஒரு செக்குக்கு ஒன்பது ஆட்டம் வந்தது. எட்டு மணி நேர ஷிப்டில், சுத்தம் செய்யும் நேரமும் போக, அது நடக்காது. பழைய எண்ணைத் திரும்ப வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் உருப்படியான வேலை. ரிப்போர்ட்டில் உண்மையிலேயே இரண்டு ஓட்டைகள் இருந்தன, இரண்டும் விற்பனையில் இல்லை.

முதல் ஓட்டை, அவளுடைய சாப்பாடு. 56.7 லட்சத்தில் பருப்புக்கு 43.5 லட்சம் போகும் (37,800 கிலோ, கிலோ 115 ரூபாய்). மிச்சம் 13.2 லட்சம். இரண்டு ஆள் கூலி, வாடகை, கரண்ட், பாட்டில், வண்டிச் செலவு எல்லாம் 7.4 லட்சம். நிற்பது 5.8 லட்சம். நடைமுறைக் கடன் வட்டி 1.25 லட்சம் போனால் 4.55 லட்சம். வருடத் தவணையும் அதன் வட்டியும் 1.8 லட்சம். விகிதம் இரண்டரை, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு மாதம் 15,000 ரூபாயாவது எடுக்காமல் அவள் எப்படி வாழ்வாள்? வருடத்துக்கு அதுவும் 1.8 லட்சம், அந்த வீட்டுச் செலவு எந்தப் பக்கத்திலும் இல்லை. அதைக் கழித்தால் 2.75 லட்சம், விகிதம் 1.53. குறைந்துவிட்டதே என்று பதறாதீர்கள். சொந்தச் செலவை எழுதியும் ஒன்றரைக்கு மேல் நிற்கும் கணக்கு, எழுதாமல் இரண்டரை காட்டும் கணக்கைவிட நம்பிக்கை தரும். எழுதாவிட்டால் அதிகாரி தானே மனதுக்குள் கழித்துக்கொள்வார், உங்களுக்குக் கூடுதலாகவே கழிப்பார்.

இரண்டாவது ஓட்டைதான் ஆபத்தானது: பருப்பு விலை. விற்பனையில் முக்கால் பங்குக்கு மேல் ஒரே ஒரு மூலப்பொருளுக்குப் போகிற தொழில் இது. கிலோவுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் வருடத்துக்கு 1.89 லட்சம் கூடுதல் செலவு. அந்த 2.75 லட்சத்தில் இதைக் கழித்தால் 86,000 ரூபாய்தான் மிஞ்சும், தவணைக்குப் பாதிகூடத் தேறாது. வெறும் ஐந்து ரூபாய் ஏற்றத்துக்கு! கடலை விலை அறுவடைக்கு அறுவடை அதைவிட அதிகமாகவே ஆடும் என்பது ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

செல்வி அந்த இடத்தில் ஒரு பத்தி சேர்த்தாள். பருப்பு ஐந்து ரூபாய் ஏறினால் லிட்டருக்கு இரண்டரைக் கிலோ கணக்கில் அடக்கம் 12.50 ரூபாய் கூடும். விற்பனை விலையை 320-லிருந்து 333 ஆக்க வேண்டும். கடைகளுக்கு ஒரு மாத முன்னறிவிப்போடு விலை மாற்றலாம் என்று பேசியிருக்கிறாள். அறுவடைச் சமயத்தில் இரண்டு மாதப் பருப்பு, சுமார் 7.2 லட்சத்துக்கு, வாங்கி வைப்பாள். கடைகளில் ஒரு மாதத்துப் பாக்கி 4.7 லட்சம் நிற்கும். இரண்டும் சேர்த்து 11.9 லட்சம். நடைமுறை மூலதனத் தேவை 14 லட்சம் சொச்சம் ஏன் என்பதற்கு இப்போது பெரும்பகுதிக் காரணம் காகிதத்திலேயே இருக்கிறது, சூத்திரத்தில் போட்டு எடுத்த எண்ணாக மட்டும் இல்லை. இருப்பு வைக்கும் பருப்பில் ஈரம் கூடினால் பூஞ்சை பிடிக்கும் என்பதையும், மரப்பலகை மேல் மூட்டை அடுக்குவதையும் ஒரு வரியில் எழுதிவிட்டாள். செக்குத் தெரிந்தவள் எழுதியது என்று அந்த ஒரு வரியிலேயே தெரியும். நாங்கள் போடும் எந்த அட்டவணையும் அதைச் சொல்லாது.

தயவுசெய்து கேளுங்கள், முந்தின ராத்திரி திருத்தியே ஆக வேண்டும் என்றால் இப்படிச் செய்யுங்கள். விற்பனையைத் தொட்டால், உற்பத்தி, மூலப்பொருள், ஆள், கரண்ட், நடைமுறை மூலதனம், கைப்பணம் எல்லாவற்றையும் தொட்டாக வேண்டும். அதற்கு நேரமில்லை என்றால் விற்பனையைத் தொடாதீர்கள். எக்செலில் எண்ணை மாற்றினால் மற்ற பக்கங்கள் தானாக மாறும் என்று நம்பாதீர்கள். பாதிக் கட்டங்களில் நாங்களே எண்ணை நேராகத் தட்டியிருப்போம். (ஆமாம், அது எங்கள் தொழிலின் கெட்ட பழக்கம்.) கொட்டேஷன்களின் தேதியைப் பாருங்கள், செல்லுபடிக் காலம் முடிந்திருந்தால் காலையில் முதல் போன் இயந்திரக் கடைக்கு. தவணை ஆரம்பிக்கும் மாதத்தையும் பாருங்கள். செக்கு வந்து, மின் இணைப்புக் கிடைத்து, கடைகளில் முதல் பணம் வருவதற்குள் தவணை தொடங்கிவிடும்படி எழுதியிருந்தால் ஆறு மாத அவகாசம் கேட்டு மாற்றுங்கள். அந்த ஆறு மாதமும் வட்டி மட்டும் கட்ட வேண்டியிருக்கும், அதற்கும் பணம் ஒதுக்குங்கள்.

காலையில் மேலாளர் விற்பனைப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. "கடலை யார்கிட்டம்மா எடுக்கறீங்க, ரொக்கமா கடனா?" என்றுதான் ஆரம்பித்தார். விலை ஏறினால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு அவள் அந்தப் பத்தியைக் காட்டினாள். பிறகு அவர் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்து நிறுத்தினார். பதினோரு மாத ஒப்பந்தம், கடனோ ஐந்து வருடம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும், முத்திரைச் செலவும் உண்டு. இதை எந்த ராத்திரியிலும் எக்செலில் திருத்த முடியாது. கட்டட உரிமையாளர் ஐந்து வருடத்துக்குச் சம்மதிப்பாரா என்று கேட்டுவிட்டு வரச் சொல்லி, அவளை அடுத்த வாரத்துக்கு வரச் சொன்னார்.